கிளாசிக்கா, பிளாட்டினமா? டெபிட் காட் பற்றிய கேள்வி பதில்

கேள்வி (களுவாஞ்சிக்குடி): ஒரே கணக்குக்கு என் வங்கி இரண்டு காட் காட்டுகிறது. கிளாசிக் வருடம் 600 ரூபா, பிளாட்டினம் 3,500. எடுப்பது அதே காசுதானே சேர், ஏன் இந்த வித்தியாசம்?

கணக்கும் ஒன்று, வட்டியும் ஒன்று, சிப் செய்கிற வேலையும் ஒன்று. வித்தியாசம் தொடங்குவது காட்டில் இருக்கிற முதல் ஆறு, எட்டு இலக்கங்களில். கடைக்காரரின் இயந்திரத்தில் காட்டைப் போட்டதும், இது எந்த வங்கியின் எந்தத் தர காட் என்பது அந்த இலக்கங்களில் தெரிந்துவிடும். கடைக்காரர் தன் வங்கிக்குக் கட்டுகிற கழிவில் ஒரு பங்கு உங்கள் வங்கிக்கு வரும், உயர்ந்த தர காட்டுக்கு அந்தப் பங்கு பெரும்பாலும் கூட. ஏடிஎம்மில் காசு எடுத்தால் அந்த வருமானம் இல்லை. கவுண்டரில் இருக்கிற பிள்ளை பிளாட்டினத்தை இவ்வளவு விரும்பிச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்புறம் விசாவும் மாஸ்டர்காட்டும் ஒவ்வொரு தரத்துக்கும் சில சலுகைகளை வைத்திருக்கும். அதில் எதை எடுப்பது, எத்தனை தடவைக்குக் காசு கட்டுவது என்று முடிவு செய்வது உங்கள் வங்கி. ஆகவே இரண்டு வங்கிகளின் பிளாட்டினம் ஒன்றாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பெயரைப் பார்க்காமல், அந்த வங்கியின் நிபந்தனைத் தாளைக் கேட்டு வாங்குங்கள். ஒரு நாளைக்கு எடுக்கக்கூடிய தொகை கூட வேண்டும் என்பதுதான் உங்கள் தேவை என்றால் முதலில் கிளையில் எழுதிக் கொடுத்துப் பாருங்கள், கிளாசிக்கிலேயே உயர்த்தித் தருகிற வங்கிகள் இருக்கின்றன.

கேள்வி (கல்முனை): பிளாட்டினம் இருந்தால் வங்கி விழுந்தாலும் 11 இலட்சம் கிடைக்குமாமே? அதற்காகத்தான் நான் எடுத்தேன்.

11 இலட்சம் என்ற தொகை சரி. ஆனால் அது மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதித் திட்டம். ஒரு வங்கியில் ஒரு வைப்பாளருக்கு அந்த எல்லை வரை, காட்டே இல்லாதவருக்கும் அதேதான். அதற்காக மட்டும் எடுத்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

கேள்வி (காத்தான்குடி): நான் கட்டாரில் வேலை, வருடத்தில் ஒருமுறை லீவு. பிளாட்டினத்தில் விமான நிலைய லவுஞ்ச் இலவசம் என்று வங்கியில் சொன்னார்கள். 3,500 கட்டலாமா காக்கா?

தம்பி, "லவுஞ்ச் வசதி உண்டு" என்பதும் "இலவசமாகப் போகலாம்" என்பதும் வேறு வேறு. சில காட்களில் கிடைப்பது அங்கத்துவம் மட்டும்தான். வாசலில் காட்டைப் போடுவார்கள், உள்ளே விடுவார்கள், நீங்களும் சாப்பிட்டுவிட்டு விமானம் ஏறுவீர்கள். பிறகு ஒருநாள் உங்கள் கணக்கில் 30 டொலருக்கு மேல் வெட்டியிருக்கும். ஆகவே வங்கியிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: வருடத்துக்கு எத்தனை தடவை இலவசம், கட்டுநாயக்கவில் மட்டுமா டோஹாவிலும் சேர்த்தா, அதற்கு முந்திய மாதங்களில் கடைகளில் இவ்வளவு செலவழித்திருக்க வேண்டும் என்று ஏதும் உண்டா. மூன்றாவதில்தான் உங்களைப் போன்றவர்கள் மாட்டுவது. நீங்கள் கட்டாரில் அந்த ஊர் காட்டைப் பாவிக்கிறீர்கள், இங்குள்ள காட் வீட்டம்மாவின் அலுமாரிக்குள் கிடக்கிறது, கடைசியில் வாசலில் வைத்து "தகுதி இல்லை" என்று வரும்.

நிபந்தனை ஒன்றும் இல்லை, இரண்டு தடவை இலவசம் என்றே வைப்போம். இரண்டு காட்டுக்கும் இடையில் வருடம் 2,900 ரூபா, காட் ஐந்து வருடத்துக்கு என்றால் 14,500. லீவு முடிந்து திரும்பும்போது கட்டுநாயக்கவில் ஒரு தடவை, டோஹாவும் சேர்ந்தால் வரும்போது இன்னொரு தடவை. லவுஞ்சின் விலை 30 டொலர், ஆகவே இலாபம் என்று கணக்குப் போட வேண்டாம். காட் இல்லாவிட்டால் கைக்காசு கொடுத்து அதற்குள் போயிருப்பீர்களா? சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் வெளியே என்ன செலவழித்திருப்பீர்களோ, உங்களுக்கு மிச்சம் அவ்வளவுதான். உங்கள் விஷயத்தில் நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

கேள்வி (ஏறாவூர்): வழியனுப்ப வேனில் எட்டுப் பேர் போகிறோம், விடிய விடிய நிற்க வேண்டும். ஒரு காட்டில் எல்லாரும் லவுஞ்சில் இருக்கலாமா?

இல்லை அக்கா. கட்டுநாயக்கவில் இந்த லவுஞ்சுகள் குடிவரவு தாண்டி உள்ளே இருப்பவை, போர்டிங் பாஸ் கேட்பார்கள். பயணி கூடப் பறக்கிற ஒருவரைக் கூட்டிப் போனாலும் அவருக்குப் பெரும்பாலும் தனியாகக் காசு வெட்டும்.

கேள்வி (அக்கரைப்பற்று): லவுஞ்சை விடுங்கள். பிளாட்டினத்தில் பெரிய தொகைக்குப் பயணக் காப்புறுதி இருக்கிறதே, அதற்கே கட்டலாம் இல்லையா? எங்கள் சொந்தத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தும் இருக்கிறது.

கிடைத்திருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் டிக்கெட் எப்படி வாங்கினார்கள் என்று ஒருமுறை விசாரியுங்கள். இப்படியான காப்புறுதியில் வழக்கமாக இருக்கிற முதல் நிபந்தனை, டிக்கெட்டின் முழுப் பணத்தையும் அந்தக் காட்டிலேயே கட்டியிருக்க வேண்டும் என்பது. நம்மவர்கள் கல்முனையிலோ மட்டக்களப்பிலோ ஏஜென்சிக்குப் போய்க் காசை எண்ணிக் கொடுத்து டிக்கெட் எடுக்கிறார்கள், அல்லது கம்பனி அனுப்புகிறது. அந்த இடத்திலேயே காப்புறுதி செத்துவிட்டது, கட்டணம் மட்டும் வருடா வருடம் வெட்டுப்படும்.

அதைத் தாண்டினாலும், இதில் காப்புறுதி கிடைப்பது பெரும்பாலும் பயணத்தில் நடக்கிற விபத்தால் வருகிற மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். அங்கே போய் வேலைத்தளத்தில் விழுந்தாலோ காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாலோ இதில் ஒன்றும் வராது. வெளிநாடு போகிறவர்கள் வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்தால் அதோடு ஒரு காப்புறுதி வருகிறது. பதிவுக் காலம் முடியுமுன் புதுப்பித்தால், இந்த 2,900 ரூபாவை விட அது உங்களுக்குப் பயன்.

இன்னொன்று, பாலிசி வங்கியின் பெயரில் இருக்கும். வீட்டில் யாருக்கும் தெரியாவிட்டால் அறிவிக்க வேண்டிய நாட்கள் கடந்துபோகும். ஏற்கெனவே இந்தக் காட் வைத்திருப்பவர்கள் காப்புறுதிக் கம்பனியின் பெயரையும் எத்தனை நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்பதையும் எழுதி மனைவியிடம் கொடுத்து வையுங்கள்.

அதே ஆள்: ஏஜென்சியிலேயே காட்டைப் போட்டுக் கட்டினால்?

சில பாலிசி ஏற்கும், சிலது மறுக்கும், வாசகத்தைப் பொறுத்தது. வங்கியிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள், வாயால் சொன்னது கிளெய்ம் நேரத்தில் நிற்காது.

கருத்து (மட்டக்களப்பு நகர்): நான் துணி வியாபாரத்துக்கு அடிக்கடி சென்னை போகிறவன். டிக்கெட் எடுப்பதும் நானே, காட்டிலேயே. எனக்கு பிளாட்டினம் இலாபம்தான், நீங்கள் சொல்வதோடு ஒத்துப்போக மாட்டேன்.

உங்களுக்கு இலாபம் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. நிபந்தனைகள் எல்லாம் உங்கள் தொழிலிலேயே நிறைவேறுகின்றன. சென்னையில் அந்தக் காட்டையே தேய்க்கிறீர்கள் என்றால் வெளிநாட்டு நாணய மாற்றுக்கு எத்தனை வீதம் கூட்டிப் போடுகிறார்கள் என்பதையும் பாருங்கள். துணிக்கு இலட்சக் கணக்கில் கட்டுகிறவருக்கு லவுஞ்சை விடப் பெரிய தொகை அங்கேதான் போகிறது.

கேள்வி (களுவாஞ்சிக்குடி, மறுபடியும்): முதல் வருடம் கட்டணம் இல்லை என்று தந்தார்கள், இப்போது 3,500 வெட்டியிருக்கிறது. திரும்ப வாங்கலாமா?

விண்ணப்பப் படிவத்தில் "முதல் வருடம் மட்டும்" என்று இருந்தால் உரிமையாகக் கேட்க முடியாது. ஆனால் வெட்டி ஓரிரு வாரத்துக்குள் கிளை முகாமையாளருக்கு எழுதி, கிளாசிக்குக்கு மாற்றச் சொல்லிப் பணத்தையும் கேளுங்கள், திருப்பிப் போட்டதை நான் கண்டிருக்கிறேன். சொல்லாமல் வெட்டினார்கள் என்றால் முதலில் வங்கிக்கு எழுத்தில் முறைப்பாடு, அதற்குச் சரியான பதில் வராவிட்டால் மத்திய வங்கியின் 1935 தொலைபேசி இலக்கம். காட் மாறினால் இலக்கமும் மாறும், ஆகவே தொலைபேசி பில், இணையக் கட்டணம் என்று பழைய காட்டில் தானாக வெட்டுகிறவற்றைப் புதிய இலக்கத்துக்கு மாற்றிவிட்டுப் பழையதை வெட்டிப் போடுங்கள்.