விவாதத்தில் கைகொடுக்கும் பதற்றம் கணிதத்தில் ஏன் காலை வாருகிறது?

"நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன், இரண்டாம் முறை உயர்தரம் எழுதப்போகிறேன். வீட்டில் இணைந்த கணிதம் கடந்தகால வினாத்தாள் செய்தால் நன்றாக வருகிறது. மண்டபத்தில் முதல் அரை மணித்தியாலம் தலை வெறுமையாகிவிடுகிறது. ஆனால் பாடசாலை விவாத அணியில் இருந்தபோது பயம் கூடின நாட்களில்தான் நன்றாகப் பேசினேன். ரியூசன் சேர் 'பயம் இல்லாட்டி புள்ளி வராது' என்கிறார். அம்மா 'பயப்படாதே' என்கிறா. யார் சொல்வது சரி? பயம் அளவு மீறிவிட்டது என்று எப்படி அறிவது? அடுத்த மாதம் வரும் முன்னோடிப் பரீட்சையை விட்டுவிடலாமா?"

தம்பி, சேர் சொல்வது பாதி சரி. அம்மா சொல்வது நடக்கிற காரியம் இல்லை. பயப்படாதே என்று சொல்லிப் பயம் போன ஒருவரையும் நான் இதுவரை கண்டதில்லை. உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்தது விவாதத்தையும் கணிதத்தையும் நீங்களே பக்கத்தில் வைத்துப் பார்த்ததுதான். பதில் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

மேடை ஏறும்போதும் வினாத்தாள் கையில் வரும்போதும் உடம்பு செய்வது ஒன்றுதான். சில நொடிகளில் அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு அடிக்கும், உள்ளங்கை வியர்க்கும். அதே நேரம் மூளைக்குள் நோரட்ரினலின் என்ற இரசாயனம் கூடும். இதன் வேலை விசித்திரமானது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியை இங்கே முன்மூளை என்கிறேன். அதுதான் ஒரு விடயத்தை மனதில் பிடித்து வைத்துக்கொண்டே இன்னொன்றை யோசிக்கும் இடம். நோரட்ரினலின் மிகக் குறைவாக இருந்தால் அந்த இடம் தூங்கி வழியும். நடுத்தரமாகக் கூடினால் வெளிச் சத்தம் அடங்கி, கவனம் ஒரு பொருளில் போய் ஒட்டும். மிகவும் கூடினால் அதே இரசாயனம் வேறு வகை வாங்கிகளில் போய்ப் பிடித்து, முன்மூளையின் இணைப்புகளைத் தளர்த்திவிடும். யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் பல ஆண்டு ஆய்வில் காட்டியது இதைத்தான். முன்மூளை தளர்ந்தால் பழக்கத்தால் ஓடும் பகுதிகள் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். ஆபத்தில் பாய்ந்து ஓடுவதற்கு அது நல்ல ஏற்பாடு. கணிதத்துக்கு இல்லை.

ஆகவே பயம் எவ்வளவு என்று மட்டும் கேட்டால் போதாது, எந்த வேலைக்கு என்றும் கேட்க வேண்டும். 1908இல் ரொபர்ட் யேர்க்ஸ், ஜோன் டொட்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு வழிகள், ஒன்று வெளிச்சம் கூடியது, மற்றது குறைந்தது. தவறான வழியில் நுழைந்தால் மின் அதிர்ச்சி. வெளிச்ச வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தபோது அதிர்ச்சி கூடக்கூட எலிகள் வேகமாகக் கற்றன. வித்தியாசம் கண்டுபிடிக்கக் கடினமாக இருந்தபோது நடுத்தர அதிர்ச்சியில்தான் நன்றாகக் கற்றன, பலத்த அதிர்ச்சியில் பின்தங்கின. கொழும்பு ஹோட்டல் மண்டபங்களில் நடக்கும் பயிற்சிப் பட்டறைகளில் இதை ஒரே ஒரு மலைபோன்ற வளைகோடாகத் திரையில் போட்டு, 'உச்சியில் நில்லுங்கள்' என்பார்கள். அந்த எலிகள் காட்டியதில் முக்கியமான பாதி அதில் விடுபட்டுப்போகிறது. இலகுவான வேலைக்கும் கடினமான வேலைக்கும் உச்சி ஒரே இடத்தில் இல்லை. எலிக்கு வைத்த மின் அதிர்ச்சி மனிதப் பயம் ஆகாது என்பதும் உண்மைதான். ஆனாலும் மேலே சொன்ன மூளைக் கதையோடு இது நன்றாகப் பொருந்துகிறது.

உங்கள் விவாதத்தை எடுங்கள். தொடக்க உரையை நீங்கள் இருபது தடவையாவது சொல்லிப் பார்த்திருப்பீர்கள். அது பழக்கத்தில் ஓடும். பயம் குரலுக்குப் பலம் தரும், முகத்துக்கு உயிர் தரும். ஆனால் அதே நாட்களில் எதிரணியின் எதிர்பாராத கேள்விக்குப் பதில் சொன்னபோது எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். அங்கே தடுமாறியிருந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

இப்போது கணிதம். பகுதி அ-வில் அடிக்கடி முதலில் வருவது கணிதத் தொகுத்தறிவு. ஓர் இலகுவான உதாரணம்: எல்லா நேர் நிறைவெண் n-க்கும் 6ⁿ − 1 ஐந்தால் வகுபடும் என நிறுவுக. n = 1 இல் 5 வருகிறது, சரி. n = p இல் உண்மை என்று கொண்டு 6ᵖ − 1 = 5m என்று எழுதுவீர்கள். இதுவரை கை தானாகவே போகும், முன்மூளை இல்லாமலும் எழுதலாம். அடுத்த வரியில்தான் விடயம் இருக்கிறது. 6ᵖ⁺¹ − 1 ஐ எடுத்து, அதற்குள் 6ᵖ ஒளிந்திருப்பதைக் கண்டு, அதை 5m + 1 என்று மாற்றி, இறுதியில் ஐந்தின் மடங்கு வரவேண்டும் என்பதையும் மறக்காமல் வைத்திருக்க வேண்டும். அப்படிச் செய்தால் 6(5m + 1) − 1 = 30m + 5 = 5(6m + 1), முடிந்தது. ஒரே நேரத்தில் மூன்று விடயங்களை மனம் தூக்கிப் பிடித்தது. மனம் ஒரே வேளையில் பிடிக்கக்கூடியது ஏறக்குறைய நான்கு விடயம்தான். 'போன முறை மாதிரியே ஆகப்போகுது' என்ற எண்ணம் ஒரு இடத்தைப் பிடித்துவிடும். பக்கத்து மேசைப் பிள்ளை மேலதிகத் தாள் கேட்டு எழும்புவது இன்னொன்றைப் பிடித்துவிடும். மீதியில் கணக்கு நிற்காது.

என்னிடம் வந்த ஒரு மாணவியின் விடைத்தாளில் இதை அப்படியே கண்டேன். பாடமாக்கிய முதல் இரண்டு வரியும் அழகான கையெழுத்தில் இருந்தன. மூன்றாவது வரியில் பேனை நின்று, அதே வரியை வெட்டி வெட்டி நான்கு தடவை எழுதியிருந்தா. அளவு மீறியதற்கு நான் நம்பும் அடையாளம் இந்த மாதிரித் தடயம்தான். நெஞ்சடிப்பு அடையாளம் இல்லை, நன்றாக எழுதுகிறவருக்கும் நெஞ்சு அடிக்கும். ஒரே வாக்கியத்தை மூன்று தடவை வாசித்தும் ஏறவில்லை, எழுதியதை உடனே வெட்டுகிறீர்கள், கவனம் கேள்வியை விட்டு உங்கள் கைநடுக்கத்திலும் கடிகாரத்திலும் நிற்கிறது என்றால் எல்லை தாண்டிவிட்டது. கைநடுங்கினாலும் மனம் கேள்வியில் இருந்தால் அந்தப் பயம் உங்களுக்காக வேலை செய்கிறது, அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

ஆனால் பரிகாரம் சொல்வதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்க்க வேண்டும். வீட்டில் நன்றாக வருகிறது என்கிறீர்களே, எப்படிச் செய்கிறீர்கள்? நடுவில் தேத்தண்ணி, பக்கத்தில் குறிப்புக் கொப்பி, நேரக் கணக்கு இல்லையா? அப்படியென்றால் மண்டபத்தில் காணாமல் போவது முழுவதும் பயத்தின் குற்றம் ஆகாது. நீங்கள் பார்க்காத ஒரு வினாத்தாளை வீட்டிலேயே 3 மணித்தியாலமும் 10 நிமிட வாசிப்பு நேரமும் வைத்து, ஃபோனை அறைக்கு வெளியே போட்டுவிட்டுச் செய்யுங்கள். முதல் அரை மணித்தியாலத்தில் எத்தனை கேள்வி முழுதாக முடிந்தது என்று எழுதி வையுங்கள். அங்கேயும் தேங்கினால் தேவைப்படுவது பயிற்சியும் வேகமும். வீட்டில் ஐந்து கேள்வி, மண்டபத்தில் ஒன்று என்றால் அது பதற்றம்.

பதற்றம்தான் என்றால் மண்டபத்தில் இப்படிச் செய்யலாம். வாசிப்பு நேரத்தில் விடை தேடாதீர்கள். பகுதி அ-வில் பத்தும் கட்டாயம், ஆகவே எதில் தொடங்குவது என்பதை மட்டும் முடிவு செய்யுங்கள். முதலாம் கேள்வியில் தொடங்கவேண்டும் என்று சட்டம் இல்லை. கை தானாக ஓடக்கூடிய ஒன்றில் தொடங்குங்கள். ஆரம்பப் படபடப்பு தணியும்வரை பழக்கம் உங்களைச் சுமக்கும். அடுத்தது, மனதில் வைத்திருப்பதைத் தாளுக்கு இறக்குங்கள். மேலே உள்ள கணக்கில் '6ᵖ = 5m + 1' என்பதையும் 'இறுதியில் 5 × ஏதோ' என்பதையும் ஓரத்தில் எழுதிவிட்டால் தலைக்குள் இரண்டு இடம் காலியாகும். இது மெதுவான வழி என்று சில சேர்மார் சொல்வார்கள். பதறுகிறவருக்கு இதுதான் வேகமான வழி.

வெறுமை வந்தேவிட்டால் பேனையை வையுங்கள். நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விடுங்கள், ஒரு நிமிடம் போதும். நீண்ட வெளிமூச்சு இதயத் துடிப்பைத் தணிக்கும். பிறகு விட்ட கேள்விக்குத் திரும்பாமல் அடுத்த கேள்விக்குப் போய், தந்த தரவுகளை மட்டும் எழுதுங்கள்.

நெஞ்சடிப்பை அடக்க முயல வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2010இல் உளவியலாளர் ஜெரமி ஜேமீசனும் அவரோடு வேலை செய்தவர்களும், அமெரிக்காவில் பட்டமேற்படிப்பு அனுமதிக்கு எழுதும் ஜி.ஆர்.ஈ. பரீட்சைக்குத் தயாராகும் மாணவர்களில் ஒரு பகுதியினரிடம், 'இந்தப் படபடப்பு பரீட்சைக்கு உதவக்கூடியது, அதைப்பற்றிக் கவலைப்பட வேண்டாம்' என்று முன்கூட்டியே சொன்னார்கள். அதைக் கேட்ட மாணவர்கள் கணிதப் பகுதியில் மற்றவர்களைவிடக் கூடிய புள்ளி எடுத்தார்கள். படபடப்பைப் பற்றிய கவலை போனதும் அது பிடித்திருந்த இடம் கணக்குக்குக் கிடைத்தது என்று நான் விளங்கிக்கொள்கிறேன். இரவு மூன்று மணித்தியாலம் தூங்கி, காலையில் இரண்டு கோப்பி குடித்துவிட்டு வருகிறவருக்கு இது கைகொடுக்குமென்று எதிர்பார்க்க வேண்டாம். நண்பர்கள் கைமாற்றும் 'நடுக்க மாத்திரை' பெரும்பாலும் புரொப்ரனலோல். அது இதயத்தை மெதுவாக்கும், ஆஸ்துமா உள்ளவருக்கு ஆபத்து. மருத்துவர் பார்க்காமல் தொடாதீர்கள்.

இதுவரை சொன்னது மண்டபத்துப் பயம். அது பரீட்சையோடு வந்து பரீட்சையோடு போகும். வாரக்கணக்கில் முன்னாலேயே வந்து உட்கார்ந்து தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுக்கிற பயம் வேறு. கொப்பியைத் திறக்கவே கை வராமல் போவது, தாள் முடிந்த பிறகும் அடங்காமல் இருப்பது, திடீரென்று மூச்சு முட்டி வருவது இவையெல்லாம் அந்த வகை. இதற்கு மூச்சுப் பயிற்சி போதாது, ஒரு உளவளத்துணையாளரையோ மருத்துவரையோ பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் போன்ற எண்ணம் வந்தால் காத்திருக்காமல் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள்.

முன்னோடிப் பரீட்சையை விடாதீர்கள். விட்டால் அன்றைக்கு நிம்மதியாக இருக்கும், அந்த நிம்மதியே அடுத்த மண்டபத்தை இன்னும் பெரிதாகக் காட்டும். புள்ளிக்காகப் போக வேண்டாம், அளவெடுக்கப் போங்கள். முதல் கேள்வி முழுதாக முடிந்த நேரத்தை விடைத்தாள் ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள், எந்த வரியில் பேனை நின்றது என்பதையும் குறியுங்கள். அதை வீட்டில் செய்த தாளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.