சாப்பிட்ட அரை மணியில் வயிற்று வலி, எண்டோஸ்கோப்பியில் ஒன்றுமில்லை

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 66. காசிமேட்டில் இருக்கிறோம். ஹார்பரில் லோடு தூக்கியவர். நாற்பது வருஷமாக பீடி. ஆறு மாதமாகச் சாப்பிட்டால் தொப்புளைச் சுற்றி வலி என்கிறார், அதனால் தட்டைப் பார்த்தாலே ஒதுங்குகிறார். 62 கிலோ இருந்தவர் இப்போது 49. எண்டோஸ்கோப்பி, வயிற்று ஸ்கேன் இரண்டிலும் ஒன்றுமில்லை, கேஸ் என்று மாத்திரை கொடுத்தார்கள். கேட்கவில்லை. அடுத்து என்ன செய்வது?

பதில்: உங்கள் அப்பாவுக்குப் பசி போய்விட்டதா, அல்லது பசி இருந்தும் வலிக்குப் பயந்து சாப்பிடாமல் இருக்கிறாரா என்று முதலில் அவரிடமே கேளுங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. அப்படியானால் குடலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் அடைபட்டிருக்கின்றனவா என்று உடனே பார்த்தாக வேண்டும். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு போயிருக்கிறது. இதைக் கேஸ் என்று விட்டுவைக்கக் கூடாது.

வயிற்றுக்குள் இறங்கும் பெருந்தமனியிலிருந்து மூன்று கிளைகள் பிரிந்து இரைப்பைக்கும் குடலுக்கும் ரத்தம் கொண்டுபோகின்றன. அவற்றில் சிறுகுடலின் பெரும்பகுதியைக் காப்பாற்றுவது நடுவில் இருக்கும் மேல் குடல் தமனி. புகையும் கொழுப்பும் சேர்ந்து இந்தக் கிளைகள் புறப்படும் வாயிலேயே அடைப்பை உண்டாக்கும். ஒரு கிளை சுருங்கினால் மற்ற இரண்டும் பக்கவழியாக ரத்தம் கொடுத்துச் சமாளித்துவிடும். அதனால்தான் பல வருடம் வெளியே தெரிவதில்லை. பெரும்பாலும் இரண்டு கிளைகளாவது நன்றாகச் சுருங்கிய பிறகே வலி வரும். சும்மா இருக்கும்போது வருகிற ரத்தம் குடலுக்குப் போதும். சாப்பாடு உள்ளே போனதும் செரிமானத்துக்கு இன்னும் நிறைய ரத்தம் வேண்டும், அது வராது, அப்போது வலிக்கிறது. நடந்தால் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விட்டுவிடும் வலியும் இதே காரணத்தால் வருவதுதான். அப்பாவுக்கு அந்தக் கால்வலி உண்டா, முன்பு மாரடைப்போ பக்கவாதமோ வந்ததா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எண்டோஸ்கோப்பி இரைப்பையின் உட்சுவரைப் பார்க்கிறது. சாதாரண ஸ்கேன் கல்லீரல், பித்தப்பை, சிறுநீரகம் இவற்றைப் பார்க்கிறது. ரத்தக்குழாயின் வாயை இரண்டுமே பார்ப்பதில்லை. ஆகவே அந்த இரண்டு ரிப்போர்ட்டும் தவறல்ல, கேட்காத கேள்விக்குப் பதில் இல்லை, அவ்வளவுதான்.

அடுத்த மூன்று நாளைக்கு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: என்ன சாப்பிட்டார், எவ்வளவு, எத்தனை மணிக்கு, வலி எப்போது தொடங்கியது, எப்போது நின்றது. காலை 8 மணிக்கு ஒரு இட்லி, வலி இல்லை. மதியம் 1 மணிக்கு ஒரு தட்டு சோறும் மீன் குழம்பும், 1.30க்கு வலி, 3 மணிக்கு விட்டது என்பதுபோல. சாப்பிட்டு 15 நிமிடம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கி, ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் இருந்து, தானாக அடங்கி, அளவு கூடக்கூட அதிகமாகும் வலி என்றால் சந்தேகம் வலுக்கிறது. எந்த டாக்டரானாலும் இந்தத் தாளைப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் விஷயம் புரிந்துவிடும். ஆனால் நோட்டு முடியட்டும் என்று டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

உறுதி செய்யும் பரிசோதனை சி.டி. ஆஞ்சியோகிராம். வெறுமனே 'வயிற்று சி.டி.' என்று எழுதி வாங்கினால் பெரும்பாலும் ரத்தக்குழாய்க்கு ஏற்ற நேரத்தில் படம் எடுக்க மாட்டார்கள். குடிக்கத் தரும் வெள்ளை மருந்தும் குழாயை மறைத்துவிடும். சீட்டில் 'குடல் தமனிகளுக்கான சி.டி. ஆஞ்சியோகிராம்' என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். பக்கவாட்டுப் படத்தில்தான் தமனியின் வாய் நன்றாகத் தெரியும். கையில் ஏற்றும் மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால் முதலில் கிரியாட்டினின் பார்க்க வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டால் அதையும் சொல்ல வேண்டும். அதற்கு முன் ரத்த ஓட்டத்தின் வேகத்தை அளக்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தால், 6 முதல் 8 மணி நேரம் வெறும் வயிற்றோடு போக வேண்டும். மேல் குடல் தமனியில் ரத்தம் விநாடிக்கு 275 செ.மீ.க்கு மேல் சீறினால் 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பு இருக்கலாம் என்று அர்த்தம். வயிற்றில் காற்று இருந்தால் டாப்ளரில் தெரியாமல் போகும். 'தெரியவில்லை' என்பதை 'அடைப்பில்லை' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கடிதத்தை வைத்து இதுதான் நோய் என்று என்னால் சொல்ல முடியாது. இந்த வயதில், பீடி குடிப்பவருக்கு இப்படி இளைத்தால் கணையப் புற்றுநோயையும் தேடியாக வேண்டும். அதே சி.டி.யில் கணையத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்களுக்குப் பக்கம் ஸ்டான்லி அரசு மருத்துவமனை. இதுவரை எடுத்த எல்லா ரிப்போர்ட்டும், எடைக் கணக்கும், நோட்டும் கையில் இருக்கட்டும். ரத்தநாள அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள்.

அதுவரை வயிற்றைப் பட்டினி போட வேண்டாம். மூன்று வேளையை ஆறாகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் வலி வராத அளவு மட்டும் கொடுங்கள்: அரை இட்லி, கொஞ்சம் தயிர்சாதம், அவித்த மீன் ஒரு துண்டு. எண்ணெயில் பொரித்தது வேண்டாம். தண்ணீர் குறைந்தால் ரத்த ஓட்டம் இன்னும் தளரும், வெயில் நாளில் இதைக் கவனியுங்கள். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையைக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். பி.பி. மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள். பீடியை இன்றே நிறுத்த வேண்டும், குறைப்பது போதாது.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருங்கள். சாப்பாட்டோடு சம்பந்தமில்லாமல் திடீரென்று கடும் வலி வந்து நிற்காமல் தொடர்ந்தால், கூடவே வாந்தியோ பேதியோ மலத்தில் ரத்தமோ இருந்தால், குறுகிய குழாய் முழுவதும் அடைத்திருக்கலாம். ஆரம்பத்தில் வயிறு அமுக்கினால் மிருதுவாகவே இருக்கும். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும். நள்ளிரவானாலும் 108ஐக் கூப்பிட்டுப் பெரிய மருத்துவமனைக்கே போங்கள், 'சாப்பிட்டால் வலிக்கும் என்று ஆறு மாதமாகச் சொன்னார்' என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

அடைப்பு உறுதியானால் தொடை அல்லது கை வழியாகக் குழாய் செலுத்தி ஸ்டென்ட் வைப்பார்கள். அதற்கு இடம் கொடுக்காத அடைப்பானால் பைபாஸ் அறுவை. இவ்வளவு இளைத்தவருக்குப் பெரிய அறுவையின் ஆபத்து அதிகம் என்பதால் முதலில் ஸ்டென்ட்டையே யோசிப்பார்கள். நன்றாக அமைந்தால் சாப்பாட்டு வலி சில நாட்களிலேயே குறையும், எடை மெதுவாக ஏறும். நீண்ட நாள் சாப்பிடாத உடம்பு என்பதால் உணவைப் படிப்படியாகவே கூட்ட வேண்டும். ஒரேயடியாகக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சரிந்து இதயத்தைத் தாக்கும். ஆஸ்பிரினும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும் தொடர்ந்து சாப்பிட வேண்டியிருக்கும், ரத்தம் கட்டாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் சில மாதங்களுக்கு. ஸ்டென்ட் மறுபடி சுருங்கலாம், அதனால் டாக்டர் சொன்ன நாளில் டாப்ளர் எடுக்க வேண்டும். இடையில் பழைய வலி திரும்பினாலோ எடை குறையத் தொடங்கினாலோ அந்த நாள்வரை காத்திருக்க வேண்டாம்.