தேவதைக் கதைகளில் கொடுமைக்காரி ஏன் எப்போதும் மாற்றாந்தாய்?

கேள்வி: ஸ்நோ ஒயிட் மாதிரி கதைகளில் வில்லி ஏன் எப்போதும் சித்தியாகவோ பொல்லாத ராணியாகவோ இருக்கிறாள்?

மாற்றாந்தாய் என்றால் அப்பாவின் மறுமனைவி. ஆனால் ஸ்நோ ஒயிட்டை முதலில் கொல்லத் துடித்தவள் மாற்றாந்தாய் இல்லை, பெற்ற தாய்தான். ஜெர்மனியில் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் 1812-இல் அச்சிட்ட முதல் பதிப்பில், பனி போல வெளுத்த குழந்தை வேண்டும் என்று ஏங்கிப் பெற்றவளே, அந்தப் பெண்ணுக்கு ஏழு வயதானதும் அவள் அழகைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள். 1819 பதிப்பில்தான் பெற்றவள் பிரசவத்தில் இறந்து, அந்த இடத்துக்கு மாற்றாந்தாய் வருகிறாள். அவர்களின் இன்னொரு கதையில், பஞ்சத்தில் ஹான்சல், கிரேட்டல் என்ற தன் பிள்ளைகளைக் காட்டில் விடச் சொல்லும் தாயும் 1840-இல் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள்.

ஏன் இந்த மாற்றம்? புத்தகம் குழந்தைகள் கைக்குப் போனபோது, பெற்றவளே கொல்ல வருவதைப் படிக்கத் தாங்காது. அன்று பிரசவத்தில் தாய் இறப்பதும், அப்பா சீக்கிரமே மறுமணம் செய்வதும் சாதாரணம். இருக்கும் ரொட்டியும் சொத்தும் யார் பிள்ளைக்கு என்ற பயம் நிஜமாகவே இருந்தது. அதனால் பழியைச் சுமக்க மாற்றாந்தாய் எளிதாகக் கிடைத்தாள்.

நம் வீட்டுப் பூச்சாண்டியை நினைத்துப் பாருங்கள். சாப்பிடாத பிள்ளைமேல் கோபம் அம்மாவுக்கு, பிடித்துப்போக வருவதோ பூச்சாண்டி. அம்மா நல்லவளாகவே இருந்துவிடுகிறாள்.

சித்திகள் எல்லாம் கொடுமைக்காரிகள் என்பதற்கு இந்தக் கதைகளைச் சாட்சியாகக் காட்டுகிறார்கள். அது தவறு; இவ்விரு கதைகளிலும் அவள் பின்னால் வந்து சேர்ந்தவள்தான்.