அம்புக்குறியைக் காதால் பின்தொடர: பாய்ச்சற் கோட்டுப்படத்துக்கு விளக்கம் எழுதுவது பற்றிய கேள்வி பதில்

ஹட்டன், ஆசிரியை: தேயிலைத் தயாரிப்புப் பாய்ச்சற் கோட்டுப்படம் ஒன்று. பத்துப் பெட்டி, குறுக்கும் மறுக்குமாக அம்பு. வகுப்பில் பார்வையற்ற மாணவி ஒருத்தி இருக்கிறாள். "தேயிலை தயாரிக்கும் முறையைக் காட்டும் படம்" என்று, படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் வாசித்துக் காட்டும் ஆல்ட் டெக்ஸ்டில் போட்டேன். ஒன்றும் விளங்கவில்லை என்கிறாள். என்ன எழுதுவது?

டீச்சர், இரண்டு இடத்தில் எழுத வேண்டும். ஆல்ட் டெக்ஸ்டில் படத்தின் பெயரும் அதன் பருமனும் மட்டும். வழி முழுவதும் படத்துக்குக் கீழே, சாதாரண எழுத்தாக.

ஆல்ட் டெக்ஸ்ட் இப்படி இருக்கட்டும்: "பாய்ச்சற் கோட்டுப்படம்: கறுப்புத் தேயிலை தயாரிப்பு. 10 படிகள். 3 இடங்களில் வழி பிரிகிறது. 2 பாதைகள் பின்னோக்கித் திரும்புகின்றன. முழு விளக்கம் கீழே." கண்ணால் பார்ப்பவர் ஒரு நொடியில் பிடித்துக்கொள்ளும் விஷயம் இதுதான்: எவ்வளவு பெரியது, நேராகப் போகிறதா, சுற்றி வருகிறதா. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மாணவி எதற்குத் தயாராக வேண்டும் என்று அறிந்துகொண்டு உள்ளே போவாள்.

அடுத்து விளக்கம். முதலில் ஒவ்வொரு பெட்டிக்கும் பென்சிலால் ஓர் இலக்கம் போடுங்கள். பிறகு ஒவ்வொரு படியின் முடிவிலும் அடுத்து எங்கே போவது என்று எழுதுங்கள். அடுத்த இலக்கம்தான் என்றாலும் விடாதீர்கள்.

படி 1: மடுவத்தில் பச்சைக் கொழுந்தின் நிறை பார்த்தல். அடுத்து படி 2.
படி 2: வாட்டுத் தொட்டியில் பரப்பி வாட்டுதல். அடுத்து படி 3.
படி 3: முடிவெடுத்தல். கொழுந்து போதுமான அளவு வாடிவிட்டதா? ஆம் எனில் படி 4. இல்லை எனில் படி 2க்குத் திரும்புக.
படி 4: உருட்டும் இயந்திரத்தில் உருட்டுதல். அடுத்து படி 5.
படி 5: ரோல் பிரேக்கரில் சலித்தல். இங்கே கொழுந்து இரண்டாகப் பிரிகிறது. இரண்டும் தொடர்ந்து போகும். சன்னமான தூள் படி 7க்கு. கரடு படி 6க்கு.
படி 6: முடிவெடுத்தல். மூன்று முறை உருட்டியாயிற்றா? இல்லை எனில் கரடு படி 4க்குத் திரும்பும். ஆம் எனில் படி 7.
படி 7: நொதிக்க வைத்தல். படி 5இலிருந்தும் படி 6இலிருந்தும் இங்கே வருகிறது. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பரப்பப்படும். அடுத்து படி 8.
படி 8: உலர்த்துதல். அடுத்து படி 9.
படி 9: சலித்துத் தரம் பிரித்தல். அடுத்து படி 10.
படி 10: பொதி செய்தல். இத்துடன் முடிகிறது.

படி 7இல் "எங்கிருந்து வருகிறது" என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். இரண்டு அம்பு வந்து சேரும் பெட்டியைக் கண் உடனே கண்டுகொள்ளும். காதுக்கு அதைச் சொன்னால்தான் தெரியும். சொல்லாவிட்டால், படி 6இலிருந்து வருவது மட்டுமே நொதிக்கிறது என்று அவள் நினைத்துக்கொள்ள இடமுண்டு. "மேலே உள்ள பெட்டி", "வலப்பக்க அம்பு" என்பவற்றையும் எடுத்துவிடுங்கள். அவளிடம் மேலும் வலமும் இல்லை, இலக்கம்தான் இருக்கிறது.

நுவரெலியா, தகவல் தொழில்நுட்ப ஆசிரியர்: ஒரு பெட்டியிலிருந்து இரண்டு அம்பு வெளியே போனால் அது முடிவெடுக்கும் பெட்டிதானே? படி 5ஐயும் ஆம், இல்லை என்று எழுதினால் ஒரே சீராக இருக்குமே?

சேர், நிரலுக்கான பாய்ச்சற் கோட்டுப்படத்தில் நீங்கள் சொல்வது சரி. அங்கே ஒரு நேரத்தில் ஒரு பாதையில்தான் போக முடியும். இந்தப் படம் பொருளின் பயணத்தைக் காட்டுகிறது. ரோல் பிரேக்கர் யாரிடமும் கேள்வி கேட்பதில்லை. சல்லடைக்குக் கீழே விழுவது தூள், மேலே நிற்பது கரடு. ஒரே சலிப்பில் இரண்டும் கிடைக்கின்றன, இரண்டும் வெவ்வேறு திசையில் போகின்றன. அதை ஆம், இல்லை என்று எழுதினால், "சில நாள் தூள் வரும், சில நாள் கரடு வரும்" என்று மாணவி விளங்கிக்கொள்வாள். பிறகு படி 6இலிருந்து திரும்பிப் போவது எதுவென்று அவளுக்குப் பிடிபடாது.

அதனால் வழி பிரியும் இடத்தில் இரண்டில் ஒன்றைக் கட்டாயம் எழுதுங்கள்: "ஒன்று மட்டும்" அல்லது "இரண்டும்". பெட்டியின் வடிவத்தை மட்டும் நம்பாதீர்கள். முடிவெடுக்கும் பெட்டிக்குரிய சாய்சதுரம் கீற வேண்டிய இடத்தில் செவ்வகம் கீறியிருக்கும் படங்கள் நிறைய உண்டு. நடக்கும் வேலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பண்டாரவளை, ஒரு தாய்: மகனுடைய புத்தகத்தில் கொழுந்து எடுக்கும் பெண்களின் படம் இருக்கிறது. அதற்கும் இப்படிப் படி படியாக எழுத வேண்டுமா?

வேண்டாம் அம்மா. அது புகைப்படம், அதற்குள் பின்தொடர வழி எதுவும் இல்லை. பாடம் எதற்காக அந்தப் படத்தைப் போட்டிருக்கிறதோ அதை ஓரிரு வாக்கியத்தில் சொன்னால் போதும்.

மாத்தளை, பயிற்சி ஆசிரியர்: ஆல்ட் டெக்ஸ்ட் 125 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, மீறினால் திரைவாசிப்பான் வெட்டிவிடும் என்று படித்தேன். உண்மையா?

எச்டிஎம்எல் தரத்தில் அப்படி ஓர் எல்லை இல்லை. பழைய திரைவாசிப்பான் சில, நீண்ட ஆல்ட் டெக்ஸ்டைத் துண்டு துண்டாக வாசித்தன. அதிலிருந்துதான் அந்த இலக்கம் பரவியது. ஆனாலும் சுருக்கமாக எழுத வேண்டும் என்ற உங்கள் எண்ணம் சரி. காரணம்தான் வேறு.

ஆல்ட் டெக்ஸ்டுக்குள் தலைப்பும் வராது, பட்டியலும் வராது. பத்துப் படியையும் அதற்குள் திணித்தால் அது ஒரே மூச்சில் ஓடும் ஒரு வாக்கியக் குவியல். படி 6இல் "படி 4க்குத் திரும்புக" என்று கேட்டவள், படி 4ஐத் தேடி மறுபடி தொடக்கத்திலிருந்து கேட்க வேண்டி வரும். `aria-describedby` போட்டு வேறு பந்தியைக் காட்டினாலும் இதே கதைதான். பந்தியில் இருந்த பட்டியல் அமைப்பு கழன்று, வெறும் சொற்தொடராக வாசிக்கப்படும். நீண்ட விளக்கத்துக்கு இணைப்புக் கொடுக்கும் `longdesc` வழக்கொழிந்துவிட்டது. எனவே விளக்கத்தைப் பக்கத்திலேயே, எல்லோருக்கும் தெரியும்படி வையுங்கள்:

```html
<img src="theyilai.png" alt="பாய்ச்சற் கோட்டுப்படம்: ... முழு விளக்கம் கீழே.">
<h3 id="padi4">படி 4: உருட்டுதல்</h3>
<p>அடுத்து <a href="#padi5">படி 5</a>.</p>
```

ஒவ்வொரு படியும் தலைப்பாக இருந்தால், NVDA என்ற திரைவாசிப்பானைப் பாவிப்பவர் H விசையால் படிக்குப் படி தாவலாம். வேர்டில் செய்பவர்கள் Heading 3 பாணியைக் கொடுங்கள். இலக்கத்தைத் தானியங்கிப் பட்டியலிடம் விடாமல் கையாலேயே "படி 4:" என்று தட்டச்சு செய்யுங்கள். விளக்கத்தை வாட்ஸ்அப்பில் ஒட்டி அனுப்பும்போது தானியங்கி இலக்கம் காணாமல் போவதுண்டு. அப்போது "படி 4க்குத் திரும்புக" என்பது எங்கேயும் போகாது. அம்புக் குறியையும் தட்டச்சு செய்ய வேண்டாம். குறிகளை எந்த அளவுக்கு வாசிக்கும்படி வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து, திரைவாசிப்பான் அதைச் சொல்லும் அல்லது விழுங்கிவிடும்.

பேராதனை, பார்வையற்ற மாணவர்: NVDAதான் பாவிக்கிறேன். "படி 4" என்று தேடினால் "படி 4க்குத் திரும்பும்" என்ற இடத்திலும் போய் நிற்கிறது. இன்னொன்று: ஆம் பாதையை முதலில் சொல்லாதீர்கள். திரும்பிப் போகும் பாதையை முதலில் சொல்லி முடித்துவிட்டால், கடைசியாகக் கேட்டது முன்னே போகும் வழியாக இருக்கும், அப்படியே தொடரலாம்.

தேடும்போது முக்காற்புள்ளியையும் சேர்த்து "படி 4:" என்று தேடுங்கள் தம்பி. தலைப்பில் மட்டும்தான் அது இருக்கும். எழுதுபவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: முக்காற்புள்ளியைத் தலைப்பைத் தவிர வேறெங்கும் படி இலக்கத்தோடு சேர்க்காதீர்கள்.

இரண்டாவது விஷயத்தில் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மேலே படி 6இல் "இல்லை" முதலில் வந்திருக்கிறது, படி 3இல் "ஆம்" முதலில் வந்திருக்கிறது. அந்தச் சீரின்மை என் தவறு. ஆனால் எல்லா இடத்திலும் ஆம் முதலில் வந்தால் எதை எதிர்பார்ப்பது என்று காதுக்குப் பழகிவிடும் என்பது என் எண்ணம். ஒரே படத்துக்குள் ஒரே ஒழுங்கு என்பதில் இருவரும் ஒத்துப்போகலாம். எந்த ஒழுங்கு என்பதை அந்த மாணவியிடமே கேட்பதுதான் நல்லது.

தலவாக்கலை, ஒரு தந்தை: அட்டையில் நூல் ஒட்டிப் படத்தைத் தொட்டுணரும்படி செய்து கொடுத்தேன். அப்படியிருக்க எழுத்து விளக்கம் எதற்கு? ஆனால் மகள் அம்பு எந்தப் பக்கம் போகிறது என்று தடுமாறுகிறாள்.

அட்டை நல்ல வேலை ஐயா, அதை விட்டுவிடாதீர்கள். படத்தின் சுற்று எப்படி வளைகிறது என்பதை விரல் நன்றாக உணரும். நூலில் திசை தெரியாததுதான் குறை. போய்ச் சேரும் முனையில் ஒரு சிறு மணியை ஒட்டுங்கள்: மணி இருக்கும் பக்கம் முடிவு. இரண்டு நூல் ஒன்றையொன்று வெட்டினால் விரல் வழிமாறிவிடும், எனவே பெட்டிகளை இடம் மாற்றியாவது வெட்டாமல் பாருங்கள். இந்தப் படத்தில் படி 6இலிருந்து 4க்குத் திரும்பும் நூலை ஓர் ஓரமாகவும், 5இலிருந்து 7க்குப் போவதை மறு ஓரமாகவும் கொண்டுபோனால் வெட்டாது. பெட்டிக்குள் முழு வாக்கியத்தைப் பிரெய்லில் எழுத இடம் வராது. இலக்கத்தை மட்டும் பிரெய்லில் வையுங்கள்; எழுத்து விளக்கத்தில் உள்ள அதே இலக்கம். ஒரு கையால் அட்டையைத் தொட்டுக்கொண்டே விளக்கத்தைக் கேட்கட்டும்.

ஹட்டன், அதே ஆசிரியை: பரீட்சைக்கு இதே படத்தில் இரண்டு பெட்டியை வெறுமையாக விட்டு A, B என்று போட்டிருக்கிறேன். விளக்கத்தை எப்படி மாற்றுவது? சரியாக எழுதினேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வெறுமையான பெட்டி விளக்கத்திலும் வெறுமையாகவே இருக்க வேண்டும்: "படி 7: பெட்டி A, வெறுமையாக உள்ளது. படி 5இலிருந்தும் படி 6இலிருந்தும் இங்கே வருகிறது. அடுத்து படி 8." பழைய விளக்கத்தைப் பிரதி எடுக்கும்போது "பரப்பப்படும்" போன்ற ஒரு சொல் தங்கிவிட்டால் விடையைக் காட்டிக் கொடுத்துவிடும். மற்ற மாணவர்களுக்குப் படம் தராத எதையும் அவளுக்கும் தராதீர்கள். படம் தருவது எதையும் அவளுக்குக் குறைக்காதீர்கள். பெட்டியின் வடிவத்தைக் கேள்வி கேட்டால் மட்டும் வடிவத்தைச் சொல்லுங்கள்.

சரிபார்க்க முதலில் எண்ணுங்கள். படத்தில் உள்ள அம்புகள் 12. விளக்கத்தில் "அடுத்து", "திரும்புக", "படி 7க்கு" என்று ஒரு படியிலிருந்து வெளியே அனுப்பும் இடங்களை எண்ணுங்கள். அதுவும் 12 வர வேண்டும். "இங்கே வருகிறது" என்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது ஏற்கெனவே எண்ணிய அம்பின் மறுமுனை. 11 வந்தால் பெரும்பாலும் திரும்பும் பாதை ஒன்றுதான் விடுபட்டிருக்கும்.

பிறகு படத்தைப் பார்க்காத ஒருவரிடம் விளக்கத்தை வாசித்துக் காட்டி, வெற்றுத் தாளில் கீறச் சொல்லுங்கள். தேயிலை பெக்டரியில் வேலை செய்பவராக இருக்க வேண்டாம். அவர் உங்கள் விளக்கத்தில் இல்லாததையும் தனக்குத் தெரிந்ததால் கீறிவிடுவார். கீறிய பெட்டிகள் எங்கே இருந்தாலும் பரவாயில்லை. அம்புகள் அதே பெட்டிகளை இணைக்கின்றனவா என்று பாருங்கள். அவர் எந்த இடத்தில் பென்சிலை நிறுத்தி "இப்போ எங்கே போகணும்?" என்று கேட்கிறாரோ, அந்தப் படியைத் திருத்துங்கள்.