ஊசி குத்தினால் பரவாது

"வயது 29. குன்னூர் பக்கம் எஸ்டேட்டில் வேலை. இடது மார்பில் கோலிகுண்டு மாதிரி ஒரு கட்டி, அதில் வலி இல்லை. ஆனால் பீரியட்ஸுக்கு முன்னால் இரண்டு மார்பும் கனத்து வலிக்கிறது. ஸ்கேனில் 18க்கு 11 மில்லிமீட்டர், ஃபைப்ரோஅடினோமா, பைராட்ஸ் 3 என்று போட்டிருக்கிறார்கள். ஊசி டெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள். குத்தினால் பரவிவிடும், நேராக ஆபரேஷன் செய்துவிடு, கோயம்புத்தூரில் நானே ஏற்பாடு செய்கிறேன் என்கிறார் தெரிந்த ஒருவர். சித்திக்கு 38 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. என்ன செய்யட்டும்?"

ஊசி டெஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ரிசல்ட் கைக்கு வரும்வரை யாரையும் கத்தி வைக்க விடாதீர்கள்.

வலி அந்தக் கட்டியால் வருவதல்ல. பீரியட்ஸுக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது ஹார்மோன் மாற்றத்தால் மார்பு கனக்கும், அக்குள் பக்கம் வலிக்கும், உதிரம் பட்டதும் இறங்கிவிடும். இரண்டு மாதம் காலண்டரில் வலிக்கும் நாட்களைச் சுழித்துப் பாருங்கள், உங்களுக்கே புரியும். அளவான உள்ளாடையும் டைக்ளோஃபெனாக் ஜெல்லும் போதும். நாள் கணக்கில்லாமல் ஒரே இடத்தில் வலித்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இனி கட்டி. கையால் தொட்டுப் பார்ப்பது, ஸ்கேன், ஊசி என்று மூன்றையும் சேர்த்துத்தான் முடிவு சொல்கிறோம், ஏனென்றால் தனித்தனியே எதுவும் ஏமாற்றலாம். மூன்றும் 'சாதாரணக் கட்டி' என்று ஒத்துப்போனால், நூற்றில் 99 பேருக்கு மேல் அது சரியாகவே இருக்கும். ஒன்று முரண்டு பிடித்தாலும் நாங்கள் விடமாட்டோம். ஸ்கேன் ரிப்போர்ட்டில் சந்தேகத்தின் அளவைச் சொல்லும் பைராட்ஸ் எண் 3 என்றால் புற்றுநோய்க்கான வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. உங்கள் கட்டி 18 அகலம், 11 உயரம்; அதாவது படுத்துக் கிடக்கிறது. கெட்ட கட்டி பல சமயம் நிமிர்ந்து நிற்கும், ஓரம் பிசிறாக இருக்கும். ஃபைப்ரோஅடினோமா என்பது புற்றுநோயல்லாத சாதாரணக் கட்டி, விரலுக்கு அகப்படாமல் வழுக்கி ஓடும். நாங்கள் அதற்கு எலி என்றே பட்டப்பெயர் வைத்திருக்கிறோம்.

அப்படியானால் ஊசி எதற்கு? உங்களுக்கு 22 வயதாக இருந்து குடும்பத்தில் யாருக்கும் இல்லையென்றால், ஆறு மாதம் கழித்து ஸ்கேன் எடுக்கச் சொல்லி அனுப்பியிருப்பேன். உங்கள் சித்தி கதைதான் என்னை யோசிக்க வைக்கிறது. பிஆர்சிஏ1 என்ற மரபணுவில் கோளாறு உள்ள குடும்பங்களில் புற்றுநோய் சின்ன வயதிலேயே வரும். அந்தக் கட்டி சில சமயம் உருண்டையாக, ஓரம் வழவழப்பாக, ஃபைப்ரோஅடினோமா வேஷத்தில் ஸ்கேனையே ஏமாற்றும். சித்திக்கு இருந்ததாலேயே உங்களுக்கும் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஆனால் பாட்டி, பெரியம்மா யாருக்காவது மார்பிலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்ததா என்று அம்மாவிடம் கேளுங்கள். அப்பா வழியையும் விடாதீர்கள், அத்தைக்கு வந்திருந்தாலும் கணக்குதான். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். ஓ.பி.யில் ஒருவருக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் பெரிது, அதில் யார் வம்சாவளி கேட்கிறார்கள்!

கோர் பயாப்சி என்று கேட்டு வாங்குங்கள். மெல்லிய ஊசியில் செல்கள் மட்டும் வரும், இதில் திசுவே நூல் நூலாக வரும். மரத்துப்போக ஊசி போட்டபின் ஸ்டேப்ளர் அடிப்பது போல 'டக்' என்று சத்தம் கேட்கும், இரண்டு மூன்று முறை. ஒரு வாரம் கன்றிப்போய் நீலமாக இருக்கும், அவ்வளவுதான். குத்தியதால் நோய் பரவி உயிருக்கு ஆபத்து கூடியதாகக் காட்டும் ஆதாரம் இல்லை.

ஆபத்து ஏற்பாடு செய்பவர்களிடம்தான். கூடலூர் பக்கத்துப் பெண் ஒருவரை இலவச கேம்ப் என்று வேனில் ஏற்றிப்போய், ஊசி டெஸ்ட் இல்லாமலே கட்டியை எடுத்திருந்தார்கள். எட்டு மாதத்தில் அதே தழும்புக்கு அடியில் மறுபடி கட்டியோடு என்னிடம் வந்தார். எடுத்த கட்டியின் பயாப்சி ரிப்போர்ட் எங்கே என்றால், அனுப்பவே இல்லையாம். அது புற்றுநோய். முதல் ஆபரேஷனைத் திட்டமிட்டுச் செய்திருந்தால் இவ்வளவு சிக்கல் இருந்திருக்காது. ஆள் பிடித்துக் கொடுத்தவருக்குக் கமிஷன் மட்டும் சரியாகப் போயிருக்கும். ரத்தத்திலேயே கண்டுபிடிக்கிறோம் என்று 'கேன்சர் மார்க்கர்' டெஸ்ட் விற்பவர்களிடமும் ஏமாறாதீர்கள், இந்தக் கட்டி எது என்று அது சொல்லாது.

மூன்றும் ஒத்துப்போய் ஃபைப்ரோஅடினோமாதான் என்றால் எடுக்கத் தேவையில்லை. மூன்று சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, ஆறு மாத ஸ்கேனில் வளர்ந்திருந்தாலோ, உங்களுக்கே உறுத்தலாக இருந்தாலோ எடுக்கலாம்.

பார்க்க ஒரு நாள், ஸ்கேனுக்கு ஒரு நாள், ஊசிக்கு ஒரு நாள், ரிசல்ட்டுக்கு ஒரு நாள் என்று நாலு நாள் கூலியை இழக்க வைக்கிற இந்த ஏற்பாட்டை எத்தனை வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன்! முதல் மூன்றையும் ஒரே நாளில் முடிக்கலாம். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால், முதல் நாளே ஊசிக்கும் தேதி கேளுங்கள். பீரியட்ஸ் தொடங்கிய ஏழாம் நாளுக்கு மேல் போவது நல்லது, அப்போது மார்பு இளகி இருக்கும். ஸ்கேன் ரிப்போர்ட்டோடு படத்தையும் எடுத்துப் போங்கள், இல்லாவிட்டால் இன்னொரு ஸ்கேன் எழுதிவிடுவார்கள்.