8 ரூபாய்க்கு ஓர் இன்ஸ்டால்: வாங்கலாமா?

கேள்வி: பெங்களூரில் ஒயிட்ஃபீல்டு பகுதிக்கு மட்டும் வீட்டுச் சாப்பாடு ஆப் நடத்துகிறேன். ஓர் ஏஜென்ட் 8 ரூபாய் வீதம் 5,000 இன்ஸ்டால் கொடுத்தார். ஆர்டர் செய்தவர்கள் 2 பேர். பிறகு நானே கூகுள் விளம்பரத்தில் 10,000 ரூபாய் போட்டேன். 200 இன்ஸ்டால், 16 பேர் ஆர்டர். ஒன்றுக்கு 50 ரூபாய் என்பது கட்டுப்படியாகுமா?

பதில்: அந்த 40,000 ரூபாய் போனதற்கு நீங்கள் உங்களையே நொந்துகொள்ள வேண்டாம் அம்மா. சமையல் தெரிந்தவரிடம் புரியாத கணக்கைக் காட்டிப் பணம் வாங்கியது அந்த ஏஜென்ட்டின் தப்பு.

இன்ஸ்டால் விலையை மறந்துவிட்டு, ஆர்டர் செய்த ஒருவரைக் கொண்டுவர எவ்வளவு ஆனது என்று பாருங்கள். ஏஜென்ட் வழியில் 20,000 ரூபாய், கூகுளில் 625 ரூபாய். ஒரு சாப்பாட்டில் செலவு போக 25 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒருவர் 25 சாப்பாடு வாங்கினால்தான் அந்த 625 திரும்பும். மாதம் 10 வாங்குபவருக்கு இரண்டரை மாதம் ஆகும். அதனால் அந்த 16 பேரில் எத்தனை பேர் மூன்றாம் மாதமும் வாங்குகிறார்கள் என்று எண்ணிய பிறகு பணத்தைக் கூட்டுங்கள். பாதிப் பேர் முதல் மாதத்திலேயே நின்றுவிட்டால் 50 ரூபாயும் நஷ்டம்தான்.

கூகுளில் இன்ஸ்டால் எண்ணிக்கையைக் குறியாக வைத்தால், எதையும் இறக்கிப் பார்க்கும் ஆட்களைத்தான் அது தேடிக் கொண்டுவரும். ஆப்புக்குள் செய்யும் ஒரு செயலைக் குறியாக வையுங்கள். 16 ஆர்டரை வைத்து அதனால் எதுவும் கற்றுக்கொள்ள முடியாது. அதற்கு முந்தைய படியான, ஒயிட்ஃபீல்டு முகவரியைப் பதிவு செய்வதைக் கொடுங்கள். விளம்பரம் போகும் ஊரையும் சரிபாருங்கள். மைசூருக்கு நீங்கள் சாப்பாடு அனுப்பப் போவதில்லை.

கேள்வி: 10,000 இன்ஸ்டால் விலைக்கு வாங்கினால் பிளே ஸ்டோரில் மேலே வருமா? (அல்சூர்)

பதில்: வாங்காதீர்கள். ஆட்களுக்குக் காசு கொடுத்து இறக்கவைத்து எண்ணிக்கையைக் கூட்டுவதைக் கூகுளின் விதியே தடை செய்கிறது. கூகுள் உங்கள் ஆப்பையே பிளே ஸ்டோரிலிருந்து தூக்கிவிடலாம்.

கேள்வி: இரண்டு மாதமாக விளம்பரம் ஓடுகிறது, 22,000 ரூபாய் ஆகிவிட்டது. ஆப்புக்குள் நடப்பதைக் கணக்கெடுக்கும் ஃபயர்பேஸ் இன்னும் இணைக்கவில்லை. பலன் நன்றாக இருக்கிறதா? (பானஸ்வாடி)

பதில்: அதை நான் எப்படிச் சொல்வது? இறக்கியவர் மறுநாள் திறந்தாரா, பதிவு செய்தாரா என்று எழுதிவைக்க ஏற்பாடே இல்லாமல் இரண்டு மாதம் பணம் கட்டியிருக்கிறீர்கள். இன்றே விளம்பரத்தை நிறுத்துங்கள். ஃபயர்பேஸை இணைத்த பிறகு தொடங்குங்கள்.

கேள்வி: ஏஜென்ட் மாதம் 900 இன்ஸ்டாலுக்குக் கணக்கு காட்டுகிறார். முன்பு தானாக வந்தவர்கள் 1,000 பேர். இப்போது தானாக வருவது 250 ஆகிவிட்டது. ஏன்? (கம்மனஹள்ளி)

பதில்: இது எனக்கு நேர்ந்த கதை. என் சிறிய கடைக்கணக்கு ஆப்புக்கு ஓர் ஏஜென்ட்டிடம் 15,000 ரூபாய் கொடுத்தேன். அறிக்கையில் எண்ணிக்கை நன்றாக இருந்தது, மொத்தம் மட்டும் ஏறவே இல்லை. எனக்கு வரவிருந்த ஆட்களையே எனக்கு விற்றிருக்கிறார் என்று புரிய இரண்டு மாதம் ஆனது. இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது.

உங்கள் கணக்கில் 1,000 பேர் 1,150 ஆகியிருக்கிறார்கள். கூடியது 150 பேர், நீங்கள் பணம் கட்டியது 900 பேருக்கு. இது இப்படி நடக்கும்: ஆண்ட்ராய்டு போனில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் ஏதோ ஒரு டார்ச் ஆப், புதிதாக ஒன்று இறங்குவதைக் கவனிக்கும். இறங்கி முடிவதற்குள் தன் விளம்பரத்தைத் தொட்டதாக ஒரு பொய் கிளிக்கை அனுப்பும். கடைசி கிளிக்குக்குத்தான் கூலி என்பதால் பணம் அவர்களுக்குப் போகும். வந்தவர் நிஜமான ஆள், ஆப்பையும் பயன்படுத்துவார். அதனால்தான் இதைக் கண்டுபிடிக்க நாளாகிறது.

உங்கள் டெவலப்பரிடம் பிளே ஸ்டோரின் இன்ஸ்டால் ரெஃபரர் தரும் இரண்டு நேரங்களை எடுக்கச் சொல்லுங்கள்:

```
getReferrerClickTimestampSeconds()
getInstallBeginTimestampSeconds()
```

முதலாவது கிளிக் நேரம், இரண்டாவது இறங்கத் தொடங்கிய நேரம். இறங்கத் தொடங்கிய பிறகு கிளிக் விழுந்திருந்தால் அது பொய். அந்த இன்ஸ்டாலுக்குப் பணம் தராதீர்கள். கிளிக் விழுந்து பல மணி நேரம் கழித்து இறங்கியவை அளவுக்கு மீறி இருந்தால், யாருமே தொடாத கிளிக்குகளைக் கூட்டமாக அனுப்பிக் காத்திருந்திருக்கிறார்கள்.

டெவலப்பர் கிடைக்காவிட்டால் இரண்டு வாரம் ஏஜென்ட் விளம்பரத்தை மட்டும் நிறுத்துங்கள். மொத்தம் பழையபடியே இருந்தால், அடுத்த பில்லைக் கட்டுவதற்கு முன் அந்த எண்களை எழுத்தில் அனுப்பி விளக்கம் கேளுங்கள்.