மயக்க மருத்துவர் மகளின் வேலைக் கடிதம்: தேவகோட்டை ஆச்சிக்குப் பதில்

தேவகோட்டையிலிருந்து ஒரு ஆச்சி கேட்டிருக்கிறார். மகள் எம்பிபிஎஸ் முடித்து, இரண்டாண்டு மயக்கவியல் டிப்ளமோவும் முடித்துவிட்டார். காரைக்குடியில் பிரசவமும் பொது அறுவை சிகிச்சையும் பார்க்கும் நடுத்தர மருத்துவமனை ஒன்றுக்கு விண்ணப்பிக்க நினைக்கிறார். அம்மான் வீட்டாரோ, "டிப்ளமோ டாக்டருக்கு என்ன மதிப்பு? நிகர்நிலைப் பல்கலையில் ரேடியாலஜி எம்டி சேர்த்துவிடுங்கள்" என்று நெருக்குகிறார்கள். மகளுக்கு அதில் விருப்பமில்லை.

ஆச்சி, மகள் சொல்வதுதான் சரி. அந்த எம்டி மூன்றாண்டுப் படிப்பு. கட்டணம் மட்டுமே கோடியைத் தொடலாம். பிள்ளைக்குப் பிடிக்காத படிப்புக்காக வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்காதீர்கள். மேற்படிப்பு வேண்டுமென்றால், டிப்ளமோ முடித்தவர்களுக்கென்றே அதே துறையில் எம்டிக்கு இணையான இரண்டாண்டு டிஎன்பி உண்டு, அதுவும் உதவித்தொகையோடு. நுழைவுத் தேர்வுக்கு வேலையில் இருந்துகொண்டே படிக்கலாம். இரவில் சிசேரியனுக்கு ஆள் தேடும் மருத்துவமனைக்கு வேண்டியது, முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்யும் ஸ்பைனலைத் தைரியமாகப் போடத் தெரிந்த மயக்க மருத்துவர்தான். ஆகவே இப்போது கவனம் போக வேண்டியது கடிதத்தில்.

கடிதம் ஒரே பக்கம் போதும். முதல் இரண்டு வரியில் எந்தப் பணி, என்ன தகுதி, எங்கே பயிற்சி, மருத்துவக் கவுன்சில் பதிவு எண் ஆகியவை வந்துவிட வேண்டும். டிப்ளமோவைக் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிந்திருந்தால் அதையும் சொல்லலாம். பதியவில்லையென்றால் முதலில் அந்த வேலையை முடிக்கட்டும்.

அடுத்தது கேஸ் அனுபவம். பெரும்பாலான கடிதங்கள் சறுக்குவது இங்கேதான். "எல்லா வகை மயக்கமும் கொடுத்த அனுபவம் உண்டு" என்ற வரியை வைத்து மருத்துவமனை எதையும் முடிவு செய்ய முடியாது. பயிற்சியில் எழுதிய லாக்புக்கை எடுத்து, ஒவ்வொரு வகையையும் மூன்றாகப் பிரித்து எண்ணச் சொல்லுங்கள்: பார்த்தவை, மூத்தவர் பக்கத்தில் நின்றபோது செய்தவை, மூத்தவர் வளாகத்தில் மட்டும் இருந்தபோது தானே செய்தவை. கடிதத்தில் மூன்றாவது எண்தான் முன்னே வர வேண்டும். உதாரணமாக, "சிசேரியனுக்கு ஸ்பைனல்: நானே செய்தவை 90, மொத்தம் 160. ஸ்பைனல் சரியாகப் பிடிக்காமல் முழு மயக்கத்துக்கு மாற்றியவை 4" என்று எழுதலாம். அந்தக் கடைசி எண்ணை மறைக்கத் தோன்றும். மறைக்க வேண்டாம். நேர்காணலில் உட்காரும் மூத்த மயக்க மருத்துவர் அதைத்தான் முதலில் கேட்பார். ஒன்றுகூட இல்லை என்றால் மற்ற எண்களையும் சந்தேகிப்பார். அந்த நாலு கேஸிலும் என்ன நடந்தது, ரத்த அழுத்தம் இறங்கியபோது என்ன கொடுத்தார் என்று மகளுக்கு வரிசையாகச் சொல்லத் தெரிய வேண்டும். நோயாளி பெயரோ அடையாளமோ எங்கும் வரக்கூடாது.

செய்யாததையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம்: "ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தனியாக மயக்கம் கொடுத்ததில்லை, மூத்தவர் உடனிருந்தால் செய்வேன்." இதைப் படிக்கும் மருத்துவமனை எந்தக் கேஸுக்கு வெளியிலிருந்து ஆள் கூப்பிட வேண்டும் என்று முன்கூட்டியே திட்டமிட்டுக்கொள்ளும்.

ஆன்-கால் பற்றி "எந்நேரமும் வரத் தயார்" என்று மட்டும் எழுத விடாதீர்கள். தாய்க்கோ குழந்தைக்கோ உயிராபத்து என்றால், சிசேரியன் என்று முடிவெடுத்த 30 நிமிடத்துக்குள் குழந்தையை எடுப்பதுதான் பலரும் பின்பற்றும் இலக்கு. தேவகோட்டை வீட்டிலிருந்து காரைக்குடிக்கு வண்டி ஓட்டி வரவே ஏறத்தாழ அவ்வளவு நேரம் பிடிக்கும். வீட்டிலிருந்தபடி ஆன்-கால் பார்க்க ஒப்புக்கொண்டால் முதல் அவசரத்திலேயே தாமதப் பழி மகள் மேல் விழும். அதனால் இப்படி எழுதட்டும்: "வாரம் மூன்று இரவு ஆன்-கால் ஏற்கிறேன், அந்த இரவுகளில் மருத்துவமனையிலேயே தங்குவேன். இரவு முழுக்க வேலை பார்த்தால் மறுநாள் காலை திட்டமிட்ட அறுவை சிகிச்சைகளிலிருந்து விலக்கு வேண்டும்." ஒரு தியேட்டரில் கேஸ் நடக்கும்போது இன்னொரு அவசரம் வந்தால் இரண்டாவது மயக்க மருத்துவர் யார் என்பதை நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பதில் இல்லாத இடத்தில் சம்பளம் எவ்வளவு என்றாலும் சேர வேண்டாம் என்பேன். மாதச் சம்பளமா, கேஸுக்கு இவ்வளவா என்பதும் நேரில் பேச வேண்டியதுதான்.

கடிதத்தோடு கவுன்சில் பதிவு நகலும், லாக்புக்கின் ஒரு பக்கச் சுருக்கமும் போகட்டும். சுருக்கத்தில் பயிற்சி வழிகாட்டியின் கையெழுத்து இருக்க வேண்டும். இன்னும் வாங்கவில்லையென்றால், அவர் வேறு ஊருக்கு மாறிப் போகுமுன் இந்த வாரமே போய் வாங்கி வரச் சொல்லுங்கள்.